நூலக உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு முழக்கம் எழுதுவது எப்படி?

மேலூரில் ஒரு கிளை நூலகத்துக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு படம். இரண்டிலும் அதே வாசகம்.

முதலில், எதை விற்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான முழக்கங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. நம் பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி அட்டை எடுப்பது, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். ஆகவே ‘வாருங்கள், படியுங்கள்’ என்று எழுதினால் நாளிதழ் பார்க்க ஆள் வருவார்கள், ஆனால் படிவம் நிரப்ப மாட்டார்கள். முழக்கம் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்து, யாரிடம் பேசுகிறோம்? வீட்டில் போன் எப்போது ஜெயிக்கிறது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை போன் கேட்கிறது, அலுத்து வந்த அம்மாவோ அப்பாவோ கொடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் வேறொன்றும் இல்லை. சரி, அந்தப் பெற்றோரிடம் பேசுவோம்.

இப்போது எழுதிப் பார்க்கலாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது:

‘கைபேசியை விடு, புத்தகத்தை எடு.’

விடு, எடு என்று ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அதட்டல். அதுவும் ஸ்டேட்டஸில் இதைப் படிப்பவர் கையிலேயே போன் இருக்கிறது. தவிர, எடுக்கப் புத்தகம் வீட்டில் இல்லையே! போனைத் திட்டாமல், அந்த நேரத்தை மட்டும் சொல்லிப் பார்ப்போம்:

‘பிள்ளைகள் போன் கேட்கும் நேரத்தில் கொடுப்பதற்கு நல்ல புத்தகங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.’

கருத்து வந்துவிட்டது, ஆனால் நீளம். பைக்கில் போகிறவருக்கு இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். சொற்களைக் குறைத்து, இரு வரியாக்கி, வரிகளின் தொடக்கத்தில் மோனை வையுங்கள். போ, பு இரண்டும் மோனைக்குப் பொருந்தும்:

‘போன் கேட்கும் நேரத்தில்
புத்தகம் வீட்டில் இருக்கட்டும்.’

‘பிள்ளைகள்’ போய்விட்டதே என்று கவலை வேண்டாம். சாப்பாட்டுத் தட்டும் ஒரு குழந்தையும் உள்ள படம் அதைச் சொல்லிவிடும். கீழே சிறிய எழுத்தில்: ‘உறுப்பினர் அட்டைக்கு: மேலூர் கிளை நூலகம்’. கூடவே என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு கட்டணம், வார விடுமுறை என்றைக்கு என்பதை நூலகரிடம் கேட்டுப் போடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது கஷ்டம்.

அப்புறம் சோதனை. டீக்கடையில் ஒருவரிடம் படத்தை மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, “அண்ணே, இது என்ன பண்ணச் சொல்லுது?” என்று கேளுங்கள். “போன் பாக்காதேங்குது” என்றால் வாசகத்தை மாற்றுங்கள். “லைப்ரரியில போய்ப் படிக்கச் சொல்லுது” என்றால் கீழ்வரியின் எழுத்தைப் பெரிதாக்குங்கள். “கார்டு எடுத்துப் புத்தகம் வாங்கியாரச் சொல்லுது” என்றால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

அதற்கு முன் சிறுவர் அலமாரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது காலியாகவோ, கிழிந்த புத்தகங்களாகவோ இருந்தால் இந்த முழக்கம் அந்த நூலகத்துக்கு ஆகாது. நாவல்கள் நிறைய இருந்தால் பெரியவர்களை வைத்து, இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.