கிர்க்காஃப் கணக்கில் மைனஸ் வந்தால் அம்புக்குறியைத் தொடாதீர்கள்

இரண்டு பேட்டரி கணக்கு நுழைவுத்தேர்விலும் வரும், செமஸ்டரிலும் வரும். இடது கிளையில் 12 வோல்ட் பேட்டரியும் 2 ஓமும், வலது கிளையில் 5 வோல்ட்டும் 3 ஓமும், நடுவில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேட்டரிக்கும் பாசிட்டிவ் முனை மேலே.

இரு கிளைகளிலும் மின்னோட்டம் மேல்நோக்கிப் போவதாக I₁, I₂ என்று குறியுங்கள். நடுக்கிளைக்கு I₃ என்று புதிதாக ஒன்று வேண்டாம். மேல் சந்தியில் சேர்வதுதான் கீழே இறங்குகிறது, எனவே படத்திலேயே I₁ + I₂ என்று எழுதிவிடுங்கள். மூன்று சமன்பாடு இரண்டாகிவிடும்.

அம்புத் திசையில் மின்தடையைக் கடந்தால் IR கழியும். பேட்டரியில் நெகட்டிவிலிருந்து பாசிட்டிவுக்குப் போனால் வோல்ட் கூடும். இடது, வலது வளையங்களைச் சுற்றினால்:

12 − 2I₁ − 8(I₁ + I₂) = 0
5 − 3I₂ − 8(I₁ + I₂) = 0

அதாவது 10I₁ + 8I₂ = 12, 8I₁ + 11I₂ = 5. தீர்த்தால் I₁ = 2, I₂ = −1 ஆம்பியர்.

பலர் தடுமாறுவது இங்கேதான். மைனஸைப் பார்த்ததும் அம்பைத் திருப்பிப் போட்டு, நடுக்கிளையில் 2 + 1 = 3 என்று எழுதிவிடுகிறார்கள். அம்பு அப்படியே இருக்கட்டும்; 2 + (−1) = 1 ஆம்பியர். வலது கிளையில் உண்மையில் 1 ஆம்பியர் கீழ்நோக்கிப் பாய்கிறது, 5 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்பதை விடையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சரிபார்க்க, இதுவரை தொடாத வெளி வளையத்தைச் சுற்றுங்கள்: 12 − 2(2) + 3(−1) − 5 = 0.