கூட்டுறவு சங்கப் பொதுப்பேரவைத் தீர்மானத்தை வங்கிக்காக ஆங்கிலத்தில் பெயர்ப்பது எப்படி?

சங்கத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கப் போனால், கிளை மேலாளருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும், கோப்பு போகும் மேலிடத்தில் ஆங்கிலப் பிரதி கேட்பார்கள். எங்கள் சங்கத்துக்கு அதை நான் செய்தபோது பின்பற்றிய வழி இது.

முதலில் நிகழ்ச்சிக் குறிப்பேட்டின் நகலில் செயலாளரிடம் "உண்மை நகல்" என்று கையொப்பமும் சங்க முத்திரையும் வாங்குங்கள். முழுக் கூட்ட நடவடிக்கையும் வேண்டுமா, கணக்கு பற்றிய தீர்மானம் மட்டும் போதுமா என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டால் பாதி வேலை மிச்சம். பிறகு இரண்டு பத்தி அட்டவணை: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். தனித்தனித் தாளில் தருவதைவிட இதுவே மேல். சரிபார்ப்பவர் விரலை வைத்து ஒப்பிடலாம். விட்டுப்போன வரியும் உடனே தெரியும்.

பெயர்களை ஒலியை வைத்து எழுதாதீர்கள். "ச." என்ற தலைப்பெழுத்து எஸ் ஆகவும் இருக்கலாம், சி ஆகவும் இருக்கலாம். பான் அட்டையில் எப்படியோ அப்படியே.

இனி கையொப்பம் பற்றிய வரி. நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"நடப்புக் கணக்கு தொடங்கவும், தலைவர், செயலாளர் ஆகியோர் கையொப்பமிட்டு வரவு செலவு செய்யவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

காசோலையில் இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டுமா, ஒருவர் போட்டால் போதுமா? கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், வரியில் இல்லை. வங்கிக்கோ இந்த ஒன்றுதான் முக்கியம். "ஜாயின்ட்லி" என்று நீங்களாகச் சேர்த்துவிட்டால், பேரவை சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். மூலத்தில் உள்ளபடி இரு பதவிகளையும் "அண்ட்" போட்டு எழுதி நிறுத்துங்கள். பிறகு துணைவிதிகளைப் புரட்டுங்கள். பணம் எடுக்கும் அதிகாரம் அங்கே தெளிவாக இருந்தால், அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்து இணைத்தால் போதும். இல்லாவிட்டால், துணைவிதிப்படி அதிகாரம் உள்ள குழு தெளிவுரைத் தீர்மானம் போட வேண்டும். கையெழுத்தான குறிப்பேட்டில் "கூட்டாக" என்று இடையில் செருகச் சொல்லும் ஆலோசனை எங்கிருந்தாவது வரும். காதில் வாங்காதீர்கள், அடித்தல் திருத்தல் உள்ள பக்கத்தை வங்கி சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

முத்திரை, அடித்தல், படிக்க முடியாத கையொப்பம் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் குறிப்பிடுங்கள். தீர்மான எண்ணும் தேதியும் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். லட்சத்தை மில்லியனாக மாற்றவே வேண்டாம்.

கடைசியில், மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி, உங்கள் பெயர், கையொப்பம், தேதி. நோட்டரி தேவையா என்பது வங்கிக்கு வங்கி மாறும்; கேட்காமல் செலவு செய்யாதீர்கள்.

பிற்சேர்க்கை: நிர்வாகக் குழு இல்லாத சங்கத்துக்கு என்ன எழுதுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். மூலத்தில் "செயலாட்சியர்" என்றிருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர், "தனி அலுவலர்" என்றிருந்தால் ஸ்பெஷல் ஆபீசர். அவரது நியமன ஆணையின் நகலையும் சேர்த்தே கொடுங்கள். பிரசிடென்ட் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.