"எந்த அளவுக்கு?" என்ற கேள்விக்குக் கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் தீசிஸ் வாக்கியம் எழுதுவது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை வகுப்பில் இந்தப் பயிற்சிக் கேள்வியைக் கொடுத்தேன்: "1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்துக்குச் சம்பளக் குறைவு எந்த அளவுக்குக் காரணம்?" கூடவே இரண்டு ஆவணங்கள்: இந்தியத் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல், தூண்டிவிட்டவர்கள்மேல் பழியைப் போடும் பிரிட்டிஷ் அரசுத் தரப்பு விளக்கம்.

பாதிப் பேர் எழுதியது இதுதான்: "கிள்ளான் வேலைநிறுத்தத்துக்குப் பல காரணங்கள் இருந்தன." இது தவறில்லை, ஆனால் விடையும் இல்லை. சம்பளம் பெரிய காரணமா, சின்னக் காரணமா என்பது இதில் எங்கே?

முதல் படி, ஆவணத்தைத் தொடுமுன் கேள்வியையே பாதி வாக்கியமாக மாற்றுங்கள்: "சம்பளக் குறைவு ____ அளவுக்குக் காரணம், ஏனென்றால் ____." கோடிட்ட இரண்டு இடங்களும் நிரம்பினால்தான் தீசிஸ்.

இரண்டாவது, ஒவ்வொரு ஆவணமும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆவணச் சுருக்கம் வேண்டாம். கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் இருக்கிறது. அதோடு கொடுமை செய்யும் தோட்ட அலுவலர்களை நீக்க வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரை முன்னால் சைக்கிளில் போக உரிமை வேண்டும் என்றும் இருக்கிறது. சம்பளக் கோரிக்கையை இன்னொரு முறை படியுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே எங்களுக்கும் கொடு என்கிறார்கள். பணத்தோடு மரியாதையும் அதில் சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த இடம் இது.

அரசுத் தரப்பு விளக்கத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்திய அரசு அது. தன் செயலை நியாயப்படுத்த அதற்குத் தேவை இருந்தது.

அப்புறம்தான் எழுத வேண்டும்:

"சம்பளக் குறைவு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்துக்கு ஓரளவே காரணம், தோட்டத்தில் தொழிலாளர்கள் இழிவாக நடத்தப்பட்டதே முதன்மைக் காரணம், ஏனென்றால் அவர்களின் கோரிக்கைகளில் பெரும்பாலானவை அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியவை, சம்பளக் கோரிக்கைகூடச் சமத்துவத்தையே கேட்டது."

சரி, இது தாங்குமா? "இல்லை, சம்பளம்தான் முதன்மை" என்று பக்கத்து மாணவர் ஆவணத்தைக் காட்டி வாதாட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் வாக்கியத்தில் வாதம் இருக்கிறது. யாருமே மறுக்க முடியாததென்றால் அது வெறும் தகவல்.

ஒரு பலவீனமும் உண்டு. பட்டியலில் எண்ணிக்கை அதிகம் என்பதால் மட்டும் ஒரு காரணம் பெரிதாகிவிடாது. பத்துக் கோரிக்கைகளைவிட ஒன்றே தொழிலாளியை வேலையை நிறுத்த வைத்திருக்கலாம். அதனால் "பெரும்பாலானவை" என்ற சொல்லை மட்டும் நம்பாமல், சமத்துவம் பற்றிய பகுதியை முதல் பத்தியிலேயே எடுத்து நிறுவுங்கள்.