உங்களுக்குச் சளி, பூனைக்குத் தும்மல்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் தோழி ஒருத்தி காலையிலேயே போன் செய்தாள். அவளுக்கு ஃப்ளூ வந்து ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாள். இப்போது ஓரளவு தேறிவிட்டாள், ஆனால் அவளுடைய பூனை தும்மிக்கொண்டே இருக்கிறது. ஒரு கண்ணில் நீர் வடிகிறது, அந்தக் கண்ணைப் பாதிதான் திறக்கிறது. "என்கிட்டேயிருந்துதானே ஒட்டிக்கிச்சு? பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அந்த இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கான பதிலை உடனே சொல்லிவிட்டேன்: வேண்டாம், கால் மாத்திரை மட்டுமல்ல, துளிகூட வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் கேள்வியில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரே நேரத்தில் வந்தால் ஒரே நோய் என்று நினைப்பது

மூக்கு ஒழுகுவதையும் தும்முவதையும் நாம் "சளி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது ஒரு நோயின் பெயரல்ல, பல வைரஸ்கள் ஒரே மாதிரி காட்டும் முகம். மனிதர்களுக்கு வரும் சாதாரண ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ரைனோவைரஸ். அது செல்லுக்குள் நுழைய, செல்லின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஒரு புரதம் இருக்க வேண்டும். நம் மூக்கில் இருக்கும் அந்தப் புரதத்தின் அமைப்பு நாய், பூனையிடம் வேறு மாதிரி இருக்கிறது. சாவி நம்முடையது, பூட்டு அவற்றுடையது. அதனால் வெறும் ஜலதோஷத்தோடு நீங்கள் நாயைக் கட்டிப்பிடித்துத் தூங்கினாலும் அதற்கு உங்கள் ஜலதோஷம் வராது.

அப்படியானால் தோழியின் பூனைக்கு என்ன ஆனது? நாள் கணக்கு கேட்டேன். அவளுக்குக் காய்ச்சல் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூனையைக் கூடையில் வைத்து அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். அங்கே ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. பூனை மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லையாம். வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை தும்மல் தொடங்கியது.

இந்தக் கணக்கு பூனை வைத்தியர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. பூனைகளுக்கென்றே ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போது ஒருமுறை தொற்றினால் அது நரம்புகளில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஆயுள் முழுக்க இருக்கும். இடமாற்றம், புது விலங்கு, அறுவை சிகிச்சை என்று பூனைக்கு மன அழுத்தம் ஏற்படும்போது மறுபடி எழுந்துகொள்ளும். ஆனால் உடனே அல்ல. அழுத்தம் ஏற்பட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் வைரஸ் வெளியேறத் தொடங்கும். ஞாயிறு முதல் அடுத்த திங்கள் வரை எட்டு நாள். கண் பாதிக்கப்பட்டிருப்பதும் இந்த வைரஸின் கையெழுத்துதான். பூனைகளுக்கு இதேபோலத் தும்மலைக் கொண்டுவரும் இன்னொரு வைரஸான கலிசிவைரஸ் என்றால் பெரும்பாலும் நாக்கில் புண் வந்து எச்சில் ஒழுகியிருக்கும்.

அதாவது அவளுடைய ஃப்ளூ காரணம்தான், ஆனால் அவள் நினைத்த வழியில் அல்ல. அவளுடைய கிருமி பூனைக்குப் போகவில்லை. அவளுடைய நோயால் பூனையின் வீடு மாறியது, அதனால் பூனையின் சொந்தக் கிருமி விழித்தது.

நாய் விஷயத்திலும் இதே குழப்பம் வரும். குடும்பமே ஊருக்குப் போய்ச் சளியோடு திரும்பும், காப்பகத்தில் விட்டிருந்த நாயும் இருமும். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல, வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் என்றால், அது பெரும்பாலும் பல நாய்கள் சேர்ந்திருந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட நாய்களின் இருமல். உங்கள் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பு, நீங்கள் அதைக் காப்பகத்தில் விட்டீர்கள் என்பது மட்டும்தான்.

மறுபக்கம் சாய்ந்து, "மனுஷ வியாதி விலங்குக்கு வரவே வராது" என்பது

இதுவும் தவறு. ஜலதோஷத்துக்குச் சொன்னதை ஃப்ளூவுக்கு அப்படியே சொல்ல முடியாது. 2009-இல் எச்1என்1 ஃப்ளூ உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீட்டைவிட்டு வெளியே போகாத 13 வயதுப் பூனை ஒன்றுக்கு அந்த வைரஸ் இருப்பது சோதனையில் உறுதியானது. வீட்டில் இருந்த மூவரில் இருவருக்கு அதற்கு முன்பே ஃப்ளூ அறிகுறிகள் இருந்தன. பூனை பிழைத்துக்கொண்டது. கோவிட் காலத்தில் நாய், பூனை, ஹாம்ஸ்டர் எல்லாவற்றுக்கும் மனிதர்களிடமிருந்து தொற்றியது தெரிந்த கதை.

வீட்டு விலங்குகளிலேயே நம் ஃப்ளூவுக்கு மிக எளிதாக ஆட்படுவது ஃபெர்ரெட். கீரிபோல நீளமாக இருக்குமே, அது. மனித ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடிக்கவே அதுதான் உதவியது. 1933-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஃப்ளூ நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை ஃபெர்ரெட்டின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள், அவையும் காய்ச்சலில் விழுந்தன. சில ஆண்டுகள் கழித்து, நோயுற்ற ஒரு ஃபெர்ரெட் ஆய்வாளர் ஒருவரின் முகத்திலேயே தும்ம, அவர் ஃப்ளூவில் படுத்தார். அது 1936-இல் மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. ஆகவே ஃபெர்ரெட் வளர்ப்பவருக்கு ஃப்ளூ வந்தால், கூண்டைச் சுத்தம் செய்வதையும் உணவு வைப்பதையும் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆள் இல்லையென்றால் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுச் செய்யலாம். பூனைக்கும் நாய்க்கும் இதே பழக்கம் நல்லதுதான், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போதும். விலங்குக்கு முகக்கவசம் மாட்டுவதும், சானிடைசரால் துடைப்பதும் வேண்டாம். அது ரோமத்தை நக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

ஃப்ளூ தொற்றிய பூனையைத் தும்மலைவிட மூச்சுதான் காட்டிக்கொடுக்கும். அது தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 30-க்குக் கீழேதான் இருக்கும். தொடர்ந்து அதற்கு மேலே போகிறது என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், வீட்டில் யாருக்கு எப்போது ஃப்ளூ வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

நம் மாத்திரையைக் கொடுப்பது

இப்போது அந்தக் கால் மாத்திரைக்கு வருவோம். என் கருத்தில் இந்தத் தவறு மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது, ஏனென்றால் பூனையைக் கொல்வது சளி அல்ல, இது.

பாராசிட்டமாலை நம் கல்லீரல் ஒரு சர்க்கரைப் பொருளோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாக வராது. மருந்து வேறு வழியில் உடைந்து நச்சாக மாறி, முதலில் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 125. நாலு கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 31 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகளுக்கு நச்சு ஏறியிருக்கிறது. குழந்தைகளுக்கான சிரப் என்றாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான். தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா, அறிகுறிக்குக் காத்திருக்காமல் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் அது வேலை செய்யும்.

நாய்க்கு மட்டும் பரவாயில்லையா என்றால், இல்லை. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் அதன் இதயத்தைத் தறிகெட்டு ஓடவைக்கும். நெஞ்சில் தடவும் தைலமும் யூகலிப்டஸ் ஆவியும்கூட வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, நீராவி நிறைந்ததும் பூனையோடு பத்து நிமிடம் உள்ளே உட்காரலாம். தண்ணீரில் எதையும் போட வேண்டாம். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைக்கலாம். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வையுங்கள், மணம் தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். மூக்கு உலர்ந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது என்பதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் படும்.

திரும்ப நமக்கு வந்துவிடும் என்று விலங்கை விரட்டுவது

நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். 2021-இல் தாய்லாந்தில், கோவிட் தொற்றிய தந்தையும் மகனும் வளர்த்த பூனையிடம் ஒரு கால்நடை மருத்துவர் சளி மாதிரி எடுத்தார். கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தார், கண்ணுக்குத்தான் எதுவும் இல்லை. பூனை முகத்தில் தும்மியது. சில நாளில் அவருக்குக் கோவிட். வைரஸின் மரபணுவும் பொருந்தியது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் கடை ஹாம்ஸ்டர்களிடமிருந்து மனிதர்களுக்குப் பரவியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் விலங்குகளோடு மக்கள் கோவிட்டைக் கழித்த பிறகும், எடுத்துச் சொல்ல இப்படிச் சில சம்பவங்கள்தான் இருக்கின்றன. வீட்டில் உங்களுக்குச் சளி வருகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது உங்கள் வீட்டு மனிதர்களைத்தான். பூனை ஹெர்பிஸும் நாய்களுக்கிடையே சுற்றும் ஃப்ளூவும் மனிதருக்கு வந்ததாகப் பதிவே இல்லை.

ஒரு விதிவிலக்கு கிளி வளர்ப்பவர்களுக்கு. பறவைகளின் எச்சத் தூசியில் பரவும் சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய், மனிதருக்கு வந்தால் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று அச்சு அசலாக ஃப்ளூ மாதிரியே இருக்கும். ஆனால் ஃப்ளூவைப் போலன்றி அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. வீட்டில் பறவை இருப்பதை நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றவே தோன்றாது.

தோழியின் பூனைக்கு மருத்துவர் கண்ணுக்கு ஒரு களிம்பு கொடுத்தார். பத்து நாளில் தும்மல் நின்றது. அடுத்த முறை தனக்கு உடம்பு முடியாமல் போனால் பூனையை அக்கா வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை, அக்காவைத்தான் இங்கே வரவழைக்கப் போகிறாளாம்.