ஸ்லைடில் உள்ள வீடியோவை வெட்டுவதும் அதற்கு முகப்புப் படம் வைப்பதும்

கைபேசியில் எடுத்த வீடியோவை அப்படியே ஸ்லைடில் சேர்த்தால், அது ஓடுவதற்கு முன்பு பெரும்பாலும் கறுப்புச் சட்டமாகவோ மங்கலான காட்சியாகவோதான் தெரியும். ஓடத் தொடங்கியதும் முதல் சில விநாடிகள் கேமரா ஆட்டத்திலேயே கழிந்துவிடும். இவ்விரண்டையும் வேறு மென்பொருள் இன்றி பவர்பாயிண்டுக்குள்ளேயே சரிசெய்யலாம். இங்கே சொல்லப்படுபவை அதன் விண்டோஸ் பதிப்புக்கு உரியவை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடியதும் சுடர் அணைவதைக் காட்டும் வீடியோ நம்மிடம் இருக்கிறது. அதன் நீளம் 2 நிமிடம் 40 விநாடி. முதல் 14 விநாடிகளில் கேமராவை நிலைநிறுத்துகிறார்கள். கடைசி 20 விநாடிகளில் பதிவை நிறுத்த ஒரு கை திரையை நோக்கி வருகிறது. நமக்கு வேண்டியது இடைப்பட்ட பகுதி மட்டுமே.

முதலில் `Insert` தாவலில் `Video` என்பதைத் திறந்து, கணினியில் உள்ள கோப்பைத் தேர்ந்து ஸ்லைடில் சேருங்கள். யூடியூப் போன்ற தளங்களிலிருந்து இணைக்கும் வீடியோவை இந்த முறையில் வெட்ட இயலாது. கோப்பாகவே சேர்த்திருக்க வேண்டும். பிறகு வீடியோவைச் சொடுக்கினால் மேலே `Playback` தாவல் தோன்றும். அதில் `Trim Video` என்பதை அழுத்துங்கள்.

திறக்கும் பெட்டியில் வீடியோவுக்குக் கீழே ஒரு கோடும், அதன் இடமுனையில் பச்சைக் குறியும் வலமுனையில் சிவப்புக் குறியும் இருக்கும். பச்சை தொடக்கம், சிவப்பு முடிவு. குறிகளை இழுத்து ஏறத்தாழ இடத்தைப் பிடித்த பின், `Start Time`, `End Time` கட்டங்களில் எண்ணைத் தட்டச்சு செய்வதே துல்லியமான வழி. நம் வீடியோவுக்குத் தொடக்கம் `00:14.200`, முடிவு `02:20.000` என்று இடலாம். புள்ளிக்குப் பின் வருவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேச்சு இருக்கும் வீடியோவில் முதல் சொல்லுக்குச் சற்று முன்னதாகவே வெட்டுங்கள். சொல்லை ஒட்டி வெட்டினால் அதன் முதல் எழுத்து விழுங்கப்பட்டது போல ஒலிக்கும். பெட்டியிலேயே ஒருமுறை ஓட்டிக் கேட்டபின் `OK` அழுத்துங்கள்.

இந்தக் கருவி இரு முனைகளை மட்டுமே வெட்டும். நடுவில் ஒரு பகுதி வேண்டாம் என்றால், அதே வீடியோவை அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் வைத்து, முதலாவதன் முடிவையும் இரண்டாவதன் தொடக்கத்தையும் தனித்தனியே வெட்ட வேண்டும்.

வெட்டி முடித்த பிறகே முகப்புப் படத்துக்கு வாருங்கள். முகப்புப் படம் வீடியோவின் மேல் வைக்கப்படும் ஓர் அசையாப் படம் என்பதால், முன்கூட்டியே வைத்துவிட்டு வெட்டினால், நீக்கிய பகுதியின் காட்சியே முகப்பாகத் தங்கிவிடலாம்.

வீடியோவை ஓட்டி, விரும்பிய காட்சியில் நிறுத்துங்கள். `Video Format` தாவலில் `Poster Frame`, அதற்குள் `Current Frame` என்பதைச் சொடுக்குங்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே உள்ள `Reset` பழைய நிலைக்குக் கொண்டுவரும். தனிப் படம் ஒன்றை வைக்க `Image from File` உதவும். ஆனால் அதன் அகல உயர விகிதம் வீடியோவின் விகிதத்தோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் உருவம் இழுபட்டுத் தெரியும்.

எந்தக் காட்சியைத் தேர்வது என்பதில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டும். நீங்கள் விளக்கிப் பேசும் நேரம் முழுவதும் பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் படத்தைத்தான். சுடர் அணைந்த காட்சியை வைத்தால் விடை முன்பே வெளிப்பட்டுவிடும். ஆகவே சுடர் எரிய, குவளை அதற்கு மேலே நிற்கும் கணமே பொருத்தமானது என்பது என் கருத்து. கை அசைந்து கொண்டிருக்கும் கணத்தில் உருவம் கலங்கியிருக்கும் என்பதால், கை ஒரு நொடி நிலைத்த காட்சியைத் தேடுங்கள். ஸ்லைடை அச்சிடும்போதும் பிடிஎஃப் ஆக்கும்போதும் வீடியோ இருக்கும் இடத்தில் பதிவாவது இதுவே.

`Playback` தாவலில் `Start` என்பது `Automatically` என்றிருந்தால், ஸ்லைடு வந்தவுடனே வீடியோ ஓடத் தொடங்குவதால் முகப்புப் படத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது. `When Clicked On` என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று முக்கியமானது. வெட்டிய பகுதி கோப்பிலிருந்து போய்விடுவதில்லை, மறைக்கப்படுகிறது, அவ்வளவே. கோப்பைப் பெறுபவர் `Trim Video` திறந்து குறிகளை விலக்கினால், நீங்கள் காட்ட விரும்பாத முகமும் பேச்சும் மீண்டும் வரும். எனவே ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, `File`, `Info`, `Compress Media` வழியே சென்று ஒரு தரத்தைத் தேர்ந்து சுருக்குங்கள். பின்னர் `Trim Video` பெட்டியைத் திறந்து பாருங்கள்: நம் எடுத்துக்காட்டில் மொத்த நீளம் ஏறத்தாழ 2 நிமிடம் 6 விநாடி என்று காட்டினால், வெட்டிய பகுதி உண்மையிலேயே நீங்கிவிட்டது.