சீஃப் கெஸ்ட்டை அறிமுகம் பண்றப்போ எந்தப் பக்கம் திரும்பணும், எங்க நிக்கணும்?

நம்ம ஊரு காலேஜ் விழா மேடைல பெரும்பாலும் நடுவுல நாற்காலி வரிசை இருக்கும், ஒரு ஓரத்துல போடியம். அதனால நாம அறிமுகம் பண்ற ஆளு நமக்குப் பக்கவாட்டுல கொஞ்சம் பின்னாடிதான் உக்காந்திருப்பாரு. மரியாதைன்னு நெனச்சு அவரையே திரும்பிப் பாத்து "ஐயா இங்க படிச்சாங்க, இங்க வேலை பாத்தாங்க"ன்னு அவர் கதைய அவர்கிட்டயே சொல்ல ஆரம்பிச்சிடறோம், கீழ இருக்கவங்களுக்கு நம்ம காதுதான் தெரியுது. போடியம் மைக்கும் நேரா முன்னாடி இருந்து வர்ற குரலைத்தான் நல்லா எடுக்கும், முகம் திரும்பினதும் சத்தம் இறங்கிடும்.

ஒரு ஆண்டு விழால ஒரு பொண்ணு எல்லாத்தையும் தெளிவா சொல்லிட்டு, கடைசில பேரைச் சொல்லும்போது மட்டும் கெஸ்ட் பக்கம் திரும்பிடுச்சு. பேரு யாருக்குமே கேக்கல, கைதட்டலும் வரல, அவரு எந்திரிக்கவா வேணாமான்னு தெரியாம பாதி எந்திரிச்சு நின்னாரு. பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. அவ்ளோ நல்லா தயார் பண்ணிட்டு வந்த பொண்ணு.

அந்தக் கடைசி வரிய இப்படிப் பிரிச்சுக்கோங்க. பேரை சபையப் பாத்து மைக்ல முழுசா சொல்லி முடிங்க, அப்புறம் அவர் பக்கம் திரும்புங்க, அதுக்கப்புறம்தான் கைய நீட்டி அவரைக் காட்டுங்க. காட்டினதும் நீங்களே முதல்ல கைதட்டினா சபை தானா தொடரும். அதுவரைக்கும் விவரம் சொல்றப்போ கண்ணு சபை மேலதான் இருக்கணும், நடுவுல ஒரு தடவையோ ரெண்டு தடவையோ அவரைப் பாத்தா போதும்.

கை விஷயத்துல ஒரு விரலை நீட்டிக் காட்டவே கூடாது, அது ஆளைக் குறை சொல்ற மாதிரி இருக்கும். உள்ளங்கை மேல பாக்கற மாதிரி விரலெல்லாம் சேத்து நீட்டுங்க. இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, கெஸ்ட் உங்களுக்கு இடது பக்கம் இருந்தா பக்கத்துல இருக்கறது இடது கை, அத நீட்டினா பெரியவங்களுக்குப் பிடிக்காது, வலது கைய அப்படியே நீட்டினா அது நெஞ்சுக்குக் குறுக்கால போகும். அதனால முதல்ல உடம்பை முழுசா அவர் பக்கம் திருப்பிட்டு அப்புறம் வலது கைய நீட்டுங்க, இல்லன்னா ரெண்டு கையையும் கூப்புங்க.

போடியத்து மேல சாயறதும் பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்கறதும் வேண்டாம், பேப்பர் போடியத்து மேலயே இருக்கட்டும்.

நெறைய பேரு "பேச அழைக்கிறேன்"னு சொன்ன உடனே ஓடிடறாங்க, அவரு நடந்து வர்ற வரைக்கும் போடியம் காலியாக் கிடக்கும். அவரு வந்து சேர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க, வந்ததும் வணக்கம் சொல்லிட்டு, உங்க பேப்பரை எடுத்துக்கிட்டு அவருக்குப் பின்னாடி வழியா போங்க. முன்னாடி குறுக்க போனா அவரு பேச ஆரம்பிக்கற நேரத்துல சபைக்கு உங்க முதுகுதான் தெரியும். அவரு உங்களவிட ரொம்ப உயரம்னா, நகர்றதுக்கு முன்னாடியே மைக்கைக் கொஞ்சம் மேல தூக்கி விட்டுட்டுப் போங்க.