மாதவிலக்கு நின்ற பிறகு கண் எரிகிறதா? சொட்டு மருந்தை மட்டும் நம்பாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் கண் சோதனைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். மதியத்துக்கு மேல் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, மிளகாய் பட்ட மாதிரி எரிகிறது, ஆனால் வெளியே காற்றில் போனால் தண்ணீராகக் கொட்டுகிறது. "தண்ணி கொட்டுது, அப்புறம் எப்படிங்க கண் வறண்டிருக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் தெரியாததால்தான் பலரும் தவறான மருந்தில் மாதக்கணக்காகப் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. இமை விளிம்பில், முடி வேருக்குச் சற்று உள்ளே, வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்தான் இந்த எண்ணெயைத் தருகின்றன. மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் உண்டு. எண்ணெய் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த கண் எரிகிறது. எரிச்சலைப் பொறுக்காமல் கண் அவசரமாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெய் போதாததால் அது தங்குவதில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு இது ஏன் கூடுகிறது? "ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மைபோமியன் சுரப்பியை எண்ணெய் தயாரிக்கத் தூண்டுவது முக்கியமாக ஆன்ட்ரோஜன். ஆண்களின் ஹார்மோன் என்று சொல்லப்பட்டாலும், பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைத் தயாரிக்கின்றன. முப்பதுகளிலிருந்தே அது மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. புரோஸ்டேட் சிகிச்சைக்காக ஆன்ட்ரோஜனை அடக்கும் மருந்து எடுக்கும் ஆண்களின் இமைச் சுரப்பிகளும் பழுதடைவதைக் கண்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜனோ இந்த வகை எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதில்லை, அடக்கவே செய்கிறது.

ஆகவே ஹார்மோன் மாத்திரை எடுத்தால் கண் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற 25,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்து 2001-இல் வெளியான ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, கண் வறட்சிக்கான வாய்ப்பு 69 விழுக்காடு கூடியிருந்தது. புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது 29 விழுக்காடு. மாத்திரைதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, கண்ணுக்காக ஹார்மோன் தேடிப் போகக் கூடாது என்பதற்கு மட்டும் போதும். உடல் வெக்கை, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம் என்று வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுப்பவர்கள், கண் எரிகிறது என்று தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருந்தை எழுதித் தந்த மருத்துவரிடம் கண் உபாதையைச் சொல்லுங்கள், அது போதும். ஆன்ட்ரோஜன் சொட்டு மருந்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் நம்பி வாங்க ஒன்றும் கடைக்கு வரவில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தேக்காவில் சேலைக் கடையில் நிற்கும் 54 வயதுப் பெண், மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள். ஏர்கான் காற்று நேராக முகத்தில் படும் இடத்தில் நாள் முழுக்க நிற்கிறார். மூக்கு ஒழுகலுக்கு ஒவ்வோர் இரவும் அலர்ஜி மாத்திரை. கண்ணுக்குள், இமை விளிம்பின் மேலேயே மை இடுவது வழக்கம். கண் சிவந்திருப்பதால் மருந்துக் கடையில் 'சிவப்பு போக்கும்' சொட்டு வாங்கி ஒரு நாளைக்கு நாலைந்து முறை விடுகிறார்.

இமை விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுரப்பித் துளைகள் பலவும் அடைபட்டிருக்கின்றன. அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வரவில்லை, உறைந்த நெய் போலக் கட்டியாக வருகிறது. கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தால் கண்ணீர்ப் படலம் மூன்று விநாடியில் கிழிகிறது. பத்து விநாடியாவது தாங்க வேண்டும். ஆனால் கீழ் இமையில் செருகி வைத்த காகிதப் பட்டை ஐந்து நிமிடத்தில் 14 மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது. அதாவது நீர் போதுமான அளவு இருக்கிறது, எண்ணெய்தான் இல்லை. அதனால் நீர்ச் சொட்டை எத்தனை முறை விட்டாலும் கால் மணி நேரத்தில் பழைய கதைதான்.

முதலில் சிவப்பு போக்கும் சொட்டை நிறுத்த வேண்டும். அது ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், மருந்து இறங்கியதும் முன்னைவிடச் சிவக்கும். நிறுத்திய பிறகு சில நாள்கள் கண் சிவந்துதான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணச் சொட்டு மருந்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பாட்டிலில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதனப் பொருள் இருந்தால், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுவதே எரிச்சலைக் கூட்டும். பதனப் பொருள் இல்லாத, எண்ணெய் கலந்த சொட்டு இவருக்குப் பொருந்தும். ஒரு முறை திறந்து தூக்கிப் போடும் சிறு குப்பிகளாகவும், காற்று உள்ளே போகாத பாட்டிலாகவும் கிடைக்கும்.

அடுத்து சூடு. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வெந்நீரில் நனைத்த துண்டை ஒரு நிமிடம் வைத்துவிட்டு "செய்து பார்த்தேன், பலனில்லை" என்பார்கள். துண்டு இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். கெட்டியான எண்ணெய் உருக இமையின் உள்பக்கம் ஏறத்தாழ 40 பாகை சூட்டில் சில நிமிடமாவது இருக்க வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கும் கண் பட்டையை, அதன் உறையில் சொன்னபடி சூடாக்கி, கையின் உள்பக்கத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, மூடிய கண்மேல் 10 நிமிடம் வையுங்கள். எடுத்தவுடன், எண்ணெய் இளகியிருக்கும்போதே, சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், விளிம்பை நோக்கி மெதுவாக நீவ வேண்டும். கண்ணைத் தேய்க்கக் கூடாது, விழியை அழுத்தக் கூடாது. நாளுக்கு ஒரு முறை, குறைந்தது ஆறு வாரம். ஒரு வாரத்தில் விட்டுவிட்டால் செய்யாததற்குச் சமம்.

மையை விடச் சொன்னால் யாரும் விடுவதில்லை, நானும் சொல்வதில்லை. முடிக்கு வெளிப்பக்கம் இடுங்கள். உள்விளிம்பில் இட்டால் அது சுரப்பித் துளையின் மேலேயே போய் உட்காரும். இரவில் அதை முழுதாகத் துடைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அலர்ஜி மாத்திரையைப் பொறுத்தவரை, அது கண்ணீரையும் குறைக்கும்; மூக்குக்கு ஸ்பிரே போதுமா என்று பலதுறை மருந்தகத்திலேயே கேட்கலாம். ஏர்கான் காற்றுத் திசையை மாற்றுவது எந்த மருந்தைவிடவும் மலிவு.

ஆறு வாரம் கழித்துக் கண்ணீர்ப் படலம் ஆறு விநாடி தாங்குகிறது. எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது, ஆனால் மாலை உறுத்தல் போகவில்லை. நீண்ட நாள் வறட்சியில் கண்ணின் மேற்பரப்பு வீங்கிச் சினந்திருப்பதுதான் இதற்குக் காரணம். இங்கே கண் மருத்துவர் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரக்கூடும், அவற்றைப் பெண்கள் நேர்மாறாகப் புரிந்துகொள்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று மிதமான ஸ்டீராய்டு சொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு. சில நாளிலேயே இதமாக இருக்கும், அதனால் தாமாக மேலும் வாங்கி விட நினைப்பார்கள். நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். மற்றொன்று சைக்ளோஸ்போரின். விட்டவுடன் எரியும், அதனால் பத்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதன் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பதனப் பொருள் இல்லாத சொட்டைக் கால் மணி நேரம் முன்னால் விட்டால் எரிச்சல் குறையும். ஸ்டீராய்டு ஒரு பாலம் மட்டுமே. தொடர வேண்டியது சைக்ளோஸ்போரின்.

இதற்கும் அசையாத சுரப்பி அடைப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சில வாரம் தருவதுண்டு. நம் வயதுப் பெண்கள் பலர் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள். அவற்றோடு சேர்த்து விழுங்கினால் டாக்ஸிசைக்ளின் உடலில் சேராது, இடையில் சில மணி நேரம் விட வேண்டும். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கன்றும் என்பதால் சிங்கப்பூர் வெயிலுக்குக் குடை அவசியம்.

இங்குள்ள கிளினிக்குகளில் இப்போது பலரும் கேட்பது ஒளிக்கதிர் சிகிச்சை, அதாவது கன்னத்திலும் இமைக்கு அடியிலும் பளிச்சென ஒளி பாய்ச்சுவது. ஆனால் அந்த ஒளியைத் தோலின் கருமை நிறமி உறிஞ்சிக்கொள்ளும். நல்ல கருத்த தோலில் தீக்காயமோ திட்டோ வரக்கூடும் என்பதால் பல கருவிகளை அந்த நிறத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. சீனத் தோழிக்குப் பலித்தது என்று நீங்களும் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் தோல் நிறத்துக்கு அந்தக் கருவி பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். இமையின் உள்பக்கத்திலிருந்து சூடேற்றி, வெளியிலிருந்து அழுத்தும் கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 12 நிமிடத்தில் முடிந்துவிடும். செலவு உண்டு, பலன் நிரந்தரமும் அல்ல, வீட்டில் சூடு வைப்பதை விட முடியாது.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வந்த பெரிய ஆய்வில் ஓராண்டு நாள்தோறும் 3 கிராம் எடுத்தவர்களும், போலி மாத்திரையாக ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேறினார்கள். மீன் குழம்பு சாப்பிடுங்கள், கண்ணுக்காக மாத்திரைக்குச் செலவு வேண்டாம்.

கடைசியாக, கண்ணோடு வாயும் வறண்டால், உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை என்றால், மூட்டுகளும் வலித்தால், அதை மாதவிலக்கின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் பெரும்பாலும் இந்த வயதுப் பெண்களுக்குத்தான் வருகிறது. அதில் நீரே குறைந்திருக்கும், காகிதப் பட்டை 5 மில்லிமீட்டர்கூட நனையாது. ரத்தப் பரிசோதனையும் மூட்டு வாத மருத்துவரும் தேவை, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான் இவர்களுக்கு நன்றாக உதவும். இந்த வாய் வறட்சியைக் கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பார்வை மங்கினாலோ, ஒரு கண் மட்டும் கடுமையாக வலித்துச் சிவந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனாலோ, முன்பதிவு நாள்வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.